பத்து கிலோ ஓமா, நூற்றிருபது ஓமா? கானாடுகாத்தான் வீட்டு கேமரா பவர் சப்ளையில் ஒரு ரெசிஸ்டர்

கானாடுகாத்தானில் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் ஒரு பெரிய வீட்டில், காவலுக்காக வைத்திருந்த நான்கு கேமராக்களும் ஒரே இரவில் நின்றுபோயின. அவற்றுக்கு மின்சாரம் தரும் 12 வோல்ட், 5 ஆம்பியர் பவர் சப்ளையின் பச்சை விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டியது. வெளியீட்டில் மீட்டரை வைத்தால் எண் மூன்று வோல்ட்டுக்கு அருகே ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. சென்னையில் இருக்கும் ஆச்சி சொல்லியனுப்ப, காரைக்குடியில் இருந்து போன பழுது பார்க்கும் தம்பி பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு பல்லி செத்துக் காய்ந்து கிடந்தது. அது கிடந்த இடத்தில் இருந்த ஒரு சிறு ரெசிஸ்டரின் ஒரு முனை பச்சை பூத்து அரித்திருந்தது. மீட்டரை எந்த ரேஞ்சில் வைத்தாலும் அந்த ரெசிஸ்டர் முற்றிலும் திறந்தே, அதாவது மின்சாரம் போக வழியே இல்லாததாகக் காட்டியது. ஆகவே அதன் மதிப்பைச் சொல்ல எஞ்சியிருந்தது அதன் மேலிருந்த ஐந்து நிற வளையங்கள் மட்டுமே. அவர் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பிவிட்டு அழைத்தார்.

"அண்ணே, இந்தப் பக்கம் இருந்து படிச்சா பத்து கே வருது. அந்தப் பக்கம் இருந்து படிச்சா நூத்தியிருபது ஓம் வருது. ரெண்டுமே கடைல கிடைக்குது. எதை வாங்கட்டும்?"

சரியான கேள்வி. இரண்டில் ஒன்று பவர் சப்ளையைச் சரிசெய்யும். மற்றொன்று அதையும் கேமராக்களையும் சேர்த்து அழித்துவிடக்கூடும். ஒரு புகைப்படத்தில் இருந்து இந்தக் கேள்விக்கு எப்படி விடை கண்டோம் என்பதை இங்கே முழுமையாகப் பதிவு செய்கிறேன்.

வளையங்கள் சொல்வது என்ன

இந்த ரெசிஸ்டர் வெளிர் நீல உடல் கொண்ட கால் வாட் மெட்டல் ஃபிலிம் வகை. உடலின் நீளம் ஆறு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். இந்த வகையில் வழக்கமாக ஐந்து வளையங்கள் இருக்கும். முதல் மூன்றும் இலக்கங்கள். நான்காவது, அந்த மூன்று இலக்க எண்ணை எந்தப் பத்தின் அடுக்கால் பெருக்க வேண்டும் என்பதைச் சொல்வது. ஐந்தாவது டாலரன்ஸ், அதாவது உண்மையான மதிப்பு குறித்த மதிப்பிலிருந்து எத்தனை சதவீதம் வரை விலகலாம் என்பது. கருப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. பெருக்கும் வளையத்தில் இந்த எண் பூஜ்யங்களின் எண்ணிக்கையாகிறது. டாலரன்ஸ் வளையத்தில் பழுப்பு 1 சதவீதம், சிவப்பு 2 சதவீதம், தங்கம் 5 சதவீதம்.

பழைய நான்கு வளைய கார்பன் ரெசிஸ்டரில் எந்தப் பக்கம் இருந்து படிப்பது என்ற குழப்பம் பெரும்பாலும் எழுவதில்லை. தங்கமோ வெள்ளியோ ஒரு கடைசியில் இருக்கும். அவை இரண்டும் இலக்கமாக வரவே முடியாது. ஆகவே அது முடிவு என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். ஒரு சதவீத ஐந்து வளைய ரெசிஸ்டரில் டாலரன்ஸ் வளையம் பழுப்பு. முதல் இலக்கமும் 1 ஆக அமைந்துவிட்டால் இரண்டு முனைகளிலும் பழுப்பு நின்று, தொடக்கத்தையும் முடிவையும் நிறத்தால் பிரித்தறிய முடியாமல் போகிறது.

தம்பியின் படத்தில் ஒரு பக்கம் இருந்து பார்த்தால் பழுப்பு, கருப்பு, கருப்பு, சிவப்பு, பழுப்பு. 100ஐ நூறால் பெருக்கினால் 10,000 ஓம், அதாவது 10 கிலோ ஓம், 1 சதவீதம். மறுபக்கம் இருந்து பார்த்தால் பழுப்பு, சிவப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு. 120ஐ ஒன்றால் பெருக்கினால் 120 ஓம், 1 சதவீதம்.

இங்கே அனுபவம் உள்ளவர்கள் ஒரு குறுக்குவழியைச் சொல்வதுண்டு. ஒரு சதவீத ரெசிஸ்டர்களுக்கு ஒவ்வொரு பத்து மடங்கு இடைவெளிக்கும் 96 மதிப்புகள் கொண்ட ஒரு நிலையான வரிசை இருக்கிறது. அதில் 118 இருக்கிறது, 121 இருக்கிறது, 120 இல்லை. ஆகவே 120 என்ற வாசிப்பு தவறு என்பது அவர்கள் வாதம். பல சமயங்களில் இந்தச் சோதனை கைகொடுக்கும். இங்கே அதை நம்ப முடியாது. 5 சதவீத ரெசிஸ்டர்களுக்கான 24 மதிப்புகள் கொண்ட வரிசையில் 120க்கு இடம் உண்டு. அந்த 24 மதிப்புகளையும் ஒரு சதவீத மெட்டல் ஃபிலிமாக உற்பத்தியாளர்கள் செய்து விற்கிறார்கள். கடையில் 120 ஓம் ஒரு சதவீதம் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அந்த 96 மதிப்புகள் வரிசையில் இல்லாத மதிப்பு என்றால் சந்தேகப்படலாமே தவிர, அதை மட்டும் வைத்துத் தள்ளிவிடக் கூடாது.

அதற்கும் மேலான சிக்கல், நான்காவதாக நின்ற அந்தச் சிவப்பு உண்மையிலேயே சிவப்புதானா என்பது முதல் படத்தில் தெளிவாக இல்லாததுதான். அது ஆரஞ்சாக இருந்தால் ஒருபக்க வாசிப்பு 100 கிலோ ஓம், மறுபக்க வாசிப்பு 130 ஓம். பழுப்பாக இருந்தால் 1 கிலோ ஓம் அல்லது 110 ஓம். இவை எல்லாமே கடையில் கிடைக்கும் மதிப்புகள். ஆக, ஒரே படத்தில் இருந்து ஆறு விடைகள் எழுந்து நின்றன.

முதல் படம் ஏன் போதவில்லை

முதல் படம் அந்த வீட்டின் பட்டாலையில், மஞ்சள் பல்பின் கீழ், போர்டைத் தரையில் வைத்து எடுத்தது. பெட்டி, ஒயர், போர்டு எல்லாம் சேர்ந்து பதினாறு சென்டிமீட்டர் அகலம் படத்தில் அடங்கியிருந்தது. வாட்ஸ்அப் வழியாக வந்ததில் படம் 1600 புள்ளி அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. கணக்குப் போட்டால் ஒரு மில்லிமீட்டருக்குப் பத்துப் புள்ளி. ரெசிஸ்டர் உடல் முழுவதுமே அறுபத்துச் சொச்சம் புள்ளி. ஒரு வளையத்துக்கு ஆறு புள்ளி.

ஆறு புள்ளி போதாதா என்று தோன்றலாம். வடிவத்தைக் காண அது போதும். நிறத்தைக் காணப் போதாது. ஜேபெக் படங்களில் வெளிச்சம் புள்ளிக்குப் புள்ளி பதிவாகிறது. நிறமோ பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டு என்று நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒன்றாகவே பதிவாகிறது. ஆகவே ஆறு புள்ளி அகலமுள்ள வளையத்தில் நிறம் மூன்று இடங்களில் மட்டுமே பதிகிறது. இரு ஓரங்களில் உள்ளவை பக்கத்து நீல உடலோடு கலந்துவிட, நடுவில் உள்ள ஒன்றுதான் ஓரளவு தூயதாக மிஞ்சுகிறது. மஞ்சள் பல்பின் வெளிச்சம் ஏற்கெனவே சிவப்பையும் ஆரஞ்சையும் நெருக்கமாக்கிவிட்டிருக்கும் நிலையில், அந்த ஒற்றைப் பதிவை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

இன்னொன்றையும் அந்தப் படத்தில் கவனித்தேன். போர்டு கிடந்தது ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. அந்தக் கற்களின் சிவப்பும் பச்சையும் பளபளப்பானவை. மேலே இருந்து விழும் வெளிச்சத்தைத் தம் நிறத்தோடு திருப்பி அனுப்பக்கூடியவை. போர்டின் ஓரத்தை ஒட்டியிருந்த ரெசிஸ்டரின் அடிப்பக்கத்தில் ஒரு சிவந்த சாயல் படிந்திருந்தது. கண்ணுக்கு இது உறுத்தாது, நம் கண் தானாகவே சரிசெய்துகொள்ளும். கேமரா அதை அப்படியே வளையத்தின் நிறமாகப் பதிந்துவிடும்.

பழுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரெசிஸ்டர் படங்களில் பெரும்பாலான தவறுகள் அங்கேதான் நேர்கின்றன. பழுப்பு என்பது நிறமாலையில் தனியாக நிற்கும் ஒரு நிறமன்று. வெளிச்சம் குறைந்த ஆரஞ்சே பழுப்பு. ஒரே ஆரஞ்சுப் பெயின்டை நிழலில் படமெடுத்தால் பழுப்பாகத் தெரியும். ஒரே பழுப்புப் பெயின்டின் மேல் அளவுக்கு மீறி வெளிச்சம் பாய்ச்சினால் ஆரஞ்சாகத் தெரியும். ஆகவே ஒரு வளையத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்கிப் பார்த்து இது பழுப்பு, இது ஆரஞ்சு என்று சொல்வதற்கு ஆதாரமே கிடையாது. அதே படத்தில், அதே வெளிச்சத்தில், நிறம் உறுதியாகத் தெரிந்த இன்னொரு வளையத்தோடு ஒப்பிட்டால் மட்டுமே சொல்ல முடியும்.

அதனால் இரண்டாவது படம் கேட்டேன். "தம்பி, வளவுக்குள்ள கொண்டு வாங்க. வெயில் நேரா விழாத பக்கமா ஒரு வெள்ளைப் பேப்பர விரிச்சு அதுமேல போர்ட வைங்க. ஃபிளாஷ் வேண்டாம். ரொம்பக் கிட்டப் போகாம, ஒரு சாண் தள்ளி நின்னு சூம் பண்ணி எடுங்க. எடுத்தத டாக்குமென்ட்டா அனுப்புங்க, போட்டோவா அனுப்பாதீங்க."

இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. வளவில் திறந்த வானத்தில் இருந்து நிழல் பக்கம் வந்து சேரும் வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் பரவலாக விழுவதால், ரெசிஸ்டரின் உருண்ட அரக்குப் பூச்சின் மேல் பளிச்சென்ற கோடு விழாது. ஃபிளாஷ் போட்டால் உடலின் நீளவாக்கில் வெள்ளைக் கோடு ஓடி, வளையங்களின் நடுப்பகுதியையே அழித்துவிடும். வெள்ளைக் காகிதம் தரையின் நிறத்தைத் தடுப்பதோடு, படத்தில் வெள்ளை எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதற்குச் சாட்சியாகவும் நிற்கும். மிகக் கிட்டே போனால் ஃபோனின் லென்ஸ் தெளிவாகக் குவியாது. ஃபோனின் நிழலும் போர்டின் மேல் விழும். ஃபைலாக அனுப்பினால் படம் சுருங்காமல் வரும்.

படமெடுப்பதற்கு முன் ரெசிஸ்டரை நகத்தால் சுரண்ட வேண்டாம் என்றும், ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெல்ல ஒற்றி எடுக்க மட்டும் சொன்னேன். பெயின்ட் தின்னரைப் போட்டால் அழுக்கோடு வளையமும் போய்விடும். போர்டைத் தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெப்பாசிட்டரில் மின்னழுத்தம் மிச்சமில்லை என்று மீட்டரில் பார்க்கச் சொன்னதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 230 வோல்ட் மின்சாரத்தை நேர்மின்னாக்கிய பின் அந்தக் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில சமயம் அது உடனே இறங்குவதில்லை.

பக்கத்தில் நின்ற ரெசிஸ்டர்

இரண்டாவது படத்தில் ரெசிஸ்டரின் உடல் மட்டும் 420 புள்ளி நீளத்துக்கு வந்தது. ஒவ்வொரு வளையமும் ஏறத்தாழ நாற்பது புள்ளி. பச்சை பூத்த முனையில் இருந்த வளையம் பழுப்பு என்பது இப்போது தெளிவாயிற்று. பச்சை நிறம் வளையத்தைத் தாண்டி உடலின் மேலும் காலின் மேலும் ஒழுங்கின்றிப் பரவியிருந்தது. அது செம்பு பூசிய கால் அரித்ததால் வந்த களிம்பு. பெயின்டில் போட்ட வளையமாக இருந்தால் ஓரம் நேராக இருக்கும்.

ஆனால் இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது பழுதான ரெசிஸ்டரைவிட, அதன் பக்கத்தில் இணையாக நின்ற இன்னொரு ரெசிஸ்டர்தான். அதே நீல உடல், அதே அளவு. வளையங்கள் ஆரஞ்சு, சாம்பல், ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு. அப்படிப் படித்தால் 383ஐ நூறால் பெருக்கி 38.3 கிலோ ஓம், 1 சதவீதம். 96 மதிப்புகள் வரிசையில் 383 இருக்கிறது. மறுபக்கம் இருந்து படித்தால் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, சாம்பல், ஆரஞ்சு. அது 1,230 கோடி ஓம் என்று ஆகும். இப்படி ஒரு கால் வாட் ரெசிஸ்டர் ஒரு பவர் சப்ளைக்குள் இருக்க வழியே இல்லை; ஆரஞ்சு டாலரன்ஸ் வளையமாகவும் சாதாரண ரெசிஸ்டரில் வருவதில்லை. ஆகவே இந்த ரெசிஸ்டரின் திசையில் ஐயமே கிடையாது.

இதனால் இரண்டு ஆதாயங்கள் கிடைத்தன. முதலாவது நிறம். ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு என்று நமக்குக் குழப்பம் தந்த மூன்று நிறங்களும் அதே வெளிச்சத்தில், அதே நீல உடலின் மேல், இன்னது இன்னதென்று உறுதியாகத் தெரிந்த நிலையில் பக்கத்திலேயே நிற்கின்றன. படத்தைக் கணினியில் திறந்து, வளையத்தின் நடுவில் பளபளப்பு விழாத இடத்தைத் தொட்டு அதன் சிவப்பு, பச்சை, நீல அளவுகளைப் பார்த்தேன். பக்கத்து ரெசிஸ்டரின் ஆரஞ்சு 205, 104, 48. சிவப்பு 172, 48, 44. பழுப்பு 98, 60, 44. பழுதான ரெசிஸ்டரில் ஐயத்துக்கிடமான வளையம் 168, 50, 46. நடு எண்ணைப் பார்த்தாலே ஆரஞ்சிலிருந்து இது எவ்வளவு விலகியிருக்கிறது என்பது தெரியும். முதல் எண்ணைப் பார்த்தால் பழுப்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது தெரியும். அது சிவப்பு. இந்த எண்கள் அந்தப் படத்துக்கு மட்டுமே பொருந்தும், வேறு படத்தில் சிவப்புக்கு வேறு எண்கள் வரும்; ஒரே படத்துக்குள் ஒப்பிடுவதில்தான் இந்த முறையின் பலம் இருக்கிறது.

ஆறு விடைகள் இரண்டாகக் குறைந்தன: 10 கிலோ ஓம், அல்லது 120 ஓம்.

இரண்டாவது ஆதாயம் திசை. டாலரன்ஸ் வளையத்தை மற்றவற்றைவிட அகலமாகப் போட்டோ, சற்றே இடைவெளி விட்டுப் போட்டோ காட்டுவது வழக்கம். ஆனால் ஆறு மில்லிமீட்டர் உடலில் ஐந்து வளையம் போடும்போது அந்த வேறுபாடு பல தயாரிப்புகளில் கண்ணுக்கே தெரிவதில்லை. ஃபோனைச் சாய்த்துப் பிடித்தால் இல்லாத வேறுபாடும் தெரியும். இந்தப் படத்தில் பக்கத்து ரெசிஸ்டரில், முடிவு என்று உறுதியாகத் தெரிந்த பழுப்புக்கும் அதற்கு முந்தைய சிவப்புக்கும் இடையே 36 புள்ளி. மற்ற வளையங்களுக்கு இடையே 27 அல்லது 28 புள்ளி. பழுதான ரெசிஸ்டரிலும் சிவப்புக்கும் அதை ஒட்டிய பழுப்புக்கும் இடையே 35 புள்ளி. மற்ற இடங்களில் 27. இரண்டிலும் பெரிய இடைவெளி சிவப்புக்கும் பழுப்புக்கும் நடுவேதான் இருந்தது. சாய்வால் வந்த வேறுபாடாக இருந்தால் இடைவெளிகள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் படிப்படியாகக் கூடும். ஓரிடத்தில் மட்டும் கூடாது. இதன்படி சிவப்பு நான்காவது வளையம். மதிப்பு 10 கிலோ ஓம்.

இது வலுவான சாட்சிதான். ஆனாலும் எட்டுப் புள்ளி வேறுபாட்டை மட்டும் நம்பி, நான்கு கேமராக்கள் தொங்கும் ஒரு பவர் சப்ளைக்குள் பொருளைப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சுற்று என்ன சொல்கிறது

தம்பியைப் போர்டின் அடிப்பக்கத்தையும் படமெடுக்கச் சொன்னேன். இரண்டு ரெசிஸ்டர்களும் போய்ச் சேரும் இடம் மூன்று கால் கொண்ட ஒரு சிறு கருப்புப் பாகம். அதன் மேல் 431 என்று அச்சடித்திருந்தது. டி.எல்.431 என்ற இந்த ஐ.சி. இத்தகைய பவர் சப்ளைகளில் வெளியீட்டு வோல்ட்டேஜைக் கண்காணிப்பது. மேல் ரெசிஸ்டர் வெளியீட்டில் இருந்து ஐ.சி.யின் கண்காணிப்புக் காலுக்கு வருகிறது. கீழ் ரெசிஸ்டர் அங்கிருந்து தரைக்கு, அதாவது வெளியீட்டின் எதிர்முனைக்குப் போகிறது. அந்தக் காலில் 2.495 வோல்ட் நிற்கும்படி ஐ.சி. வெளியீட்டைப் பிடித்து வைக்கும். கணக்கு இவ்வளவுதான்:

```
வெளியீடு = 2.495 × (1 + மேல் / கீழ்)
```

தடத்தைப் பின்தொடர்ந்தால் 38.3 கிலோ ஓம் மேல் ரெசிஸ்டர். பழுதானது கீழ் ரெசிஸ்டர். கீழே 10 கிலோ ஓம் என்று வைத்தால் 38.3ஐப் பத்தால் வகுக்க 3.83, ஒன்றைக் கூட்டி 2.495ஆல் பெருக்கினால் 12.05 வோல்ட். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த காகிதத்திலும் 12 வோல்ட் என்றே அச்சிட்டிருந்தது.

கீழே 120 ஓம் என்று வைத்தால் கணக்கு ஏறத்தாழ 799 வோல்ட் என்கிறது. அந்த வோல்ட்டேஜ் நடைமுறையில் வரப்போவதில்லை. ஆனால் அந்த எண் உணர்த்துவது முக்கியமானது. 12 வோல்ட் வெளியீட்டில் கண்காணிப்புக் காலுக்கு 0.04 வோல்ட்கூடப் போய்ச் சேராது. வெளியீடு இன்னும் ஏறவில்லை என்று நினைத்து ஐ.சி. வாளாவிருக்கும், 230 வோல்ட் மின்சாரம் வந்து சேரும் முதன்மைப் பக்கம் முழு மூச்சில் மின்சாரத்தைத் தள்ளும். முதன்மை ஐ.சி.யில் மிகை வோல்ட்டேஜ் காப்பு இருந்தால் அது நிறுத்தும். இல்லாத மலிவான போர்டாக இருந்தால் வெளியீட்டில் உள்ள 16 வோல்ட் கெப்பாசிட்டர்கள் உப்பி வெடிக்கும். அதற்கு முன்பே கேமராக்கள் போயிருக்கும். ஏற்கெனவே நிறத்தால் தள்ளிவிட்ட விடைகளையும் இதே கணக்கில் போட்டுப் பார்க்கலாம்: 1 கிலோ ஓமுக்கு 98 வோல்ட், 100 கிலோ ஓமுக்கு 3.45 வோல்ட். ஆறு விடைகளில் 12 வோல்ட்டுக்குப் பொருந்துவது ஒன்றே ஒன்றுதான்.

பழுதின் அறிகுறியும் இதோடு ஒத்துப்போகிறது. கீழ் ரெசிஸ்டர் திறந்துவிட்டால் மேல் ரெசிஸ்டர் கண்காணிப்புக் காலை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். வெளியீடு சில வோல்ட் எழுந்தவுடனேயே ஐ.சி. அதை அடக்கிவிடும், அதனால் முதன்மைப் பக்க ஐ.சி.க்கும் போதிய வோல்ட்டேஜ் கிடைக்காமல் அது நின்று நின்று மறுபடி தொடங்கும். விளக்கு சிமிட்டியதற்கும் மீட்டர் மூன்று வோல்ட்டருகே அலைந்ததற்கும் இதுவே காரணம். ஆக இந்த ரெசிஸ்டரைத் தவிர வேறு பாகம் போயிருக்கத் தேவையில்லை என்பதும் ஓரளவு உறுதியாயிற்று.

இந்தக் கணக்கு முழுவதும் மேல் ரெசிஸ்டர் 38.3 கிலோ ஓம் என்பதன் மேல் நிற்கிறது. அதுவும் படத்தில் இருந்து படித்ததுதானே என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். அதனால் அதைப் போர்டில் இருந்து கழற்றாமலேயே அளக்கச் சொன்னேன். மீட்டர் 36.4 கிலோ ஓம் காட்டியது. தம்பிக்கு அது கவலை தந்தது, ஒரு சதவீதத்துக்குள் இல்லையே என்றார். போர்டில் இருக்கும் ரெசிஸ்டரை அளக்கும்போது மீட்டரின் மின்னோட்டம் அதன் வழியாக மட்டும் போவதில்லை. பக்கத்தில் உள்ள மற்றப் பாகங்களின் வழியாகவும் போகிறது. இணையாக ஒரு வழி சேர்ந்தால் மொத்த மின்தடை குறையுமே தவிரக் கூடாது. ஆகவே மின்சாரம் இல்லாத, கெப்பாசிட்டர்கள் இறங்கிய போர்டில், மீட்டர் எண் நிலைத்த பிறகு கிடைக்கும் அளவு, உண்மையான மதிப்புக்குச் சமமாகவோ அதைவிடக் குறைவாகவோதான் இருக்கும். 36.4 என்பது 38.3க்கு ஒத்துவரும் எண். 38.3 கிலோ ஓமுக்கு மேல் தெளிவாக ஏறி 45 என்றோ 50 என்றோ காட்டியிருந்தால்தான் நாம் படித்த நிறம் தவறு, அல்லது ரெசிஸ்டர் கெட்டுவிட்டது என்று ஆகியிருக்கும். பழுதான ரெசிஸ்டர் மட்டும் திறந்து போகாமல் இருந்திருந்தால் இந்த ஒரே விதி நம் கேள்வியை முடித்திருக்கும்: போர்டிலேயே அளந்து 122 ஓமுக்கு மேல் எந்த எண் வந்தாலும் அது 120 ஓம் அன்று.

டாலரன்ஸ் எவ்வளவு பொருட்படுத்த வேண்டும்

காரைக்குடிக் கடையில் 10 கிலோ ஓம் 5 சதவீத கார்பன் ரெசிஸ்டர் உடனே கையில் கிடைத்தது. ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் தேட வேண்டும் என்றார் தம்பி. ஐந்தாவது வளையம் பழுப்பு என்று படித்ததன் பொருள் இங்கேதான் வருகிறது. 10 கிலோ ஓம் 1 சதவீதம் என்றால் 9.9இல் இருந்து 10.1 கிலோ ஓம் வரை. மேல் ரெசிஸ்டரும் கீழ் ரெசிஸ்டரும் ஒரு சதவீத வகையாக இருந்து, இரண்டும் எதிரெதிராக விலகினாலும் வெளியீடு ஏறத்தாழ 11.86க்கும் 12.24க்கும் நடுவே நிற்கும். கீழே 5 சதவீதத்தைப் போட்டால் அந்த எல்லை ஏறத்தாழ 11.5இல் இருந்து 12.65 வரை விரியும். அதன் மேல் ஐ.சி.யின் சொந்த விலகல் வேறு. கேமராக்கள் இதைத் தாங்கும்; அவசரத்துக்குப் போட்டால் குற்றமில்லை. ஆனால் கார்பன் ரெசிஸ்டரின் மதிப்பு வெப்பத்தில் மெட்டல் ஃபிலிமைவிட அதிகம் மாறும். பூட்டிய வீட்டில், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள், கோடை முழுவதும் யாரும் எட்டிப் பார்க்காமல் ஓட வேண்டிய பொருள் இது. பழுப்பு வளையம் இருந்த இடத்தில் பழுப்பு வளையமே போகட்டும் என்றேன். தேடி வாங்கினார்.

வாங்கியதை மீட்டரில் வைத்தபோது 9.97 என்று வந்தது. ஒரு சதவீதத்துக்குள் இருப்பதை இது நிரூபிக்கிறதா என்றால், இல்லை. கையில் இருந்த சாதாரண மீட்டரின் பிழையே அந்த ரேஞ்சில் ஒரு சதவீதத்துக்கு அருகே வரும். ஒரு சதவீத ரெசிஸ்டரின் டாலரன்ஸை அத்தகைய மீட்டரால் சரிபார்க்க முடியாது. வளையத்தைத்தான் நம்ப வேண்டும். மீட்டரால் உறுதியாகச் சொல்ல முடிந்தது, இது 10 கிலோ ஓம், 120 ஓம் அன்று என்பது மட்டும். அன்றைக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

ரெசிஸ்டரை மாற்றி, கேமராக்களை இணைக்காமல் முதலில் தனியாக ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். வெளியீடு 12.04 வோல்ட்டில் அசையாமல் நின்றது. நான்கு கேமராக்களையும் சேர்த்தபோது 11.97.

அதே போர்டின் முதன்மைப் பக்கத்தில், ஐ.சி.க்கு அருகே இருந்த பழுப்பேறிய ஒரு தடித்த ரெசிஸ்டரையும் தம்பி படமெடுத்து அனுப்பியிருந்தார். சிவப்பு, சிவப்பு, சாம்பல், ஏதோ ஒரு மஞ்சள் என்று படித்திருந்தார். அதற்கு நான் படத்தில் இருந்து மதிப்புச் சொல்ல மறுத்துவிட்டேன். மின்னோட்டத்தை அளக்க வைத்திருக்கும் அந்த இடத்தில் வழக்கமாக ஒரு ஓமுக்கும் குறைந்த மதிப்புகளே வரும். அவற்றில் பெருக்கும் வளையம் தங்கமாகவோ வெள்ளியாகவோ இருக்கும். இந்த இரண்டுக்கும் படத்தில் தமக்கென்று நிறம் கிடையாது. சுற்றிலும் என்ன இருக்கிறதோ அதைத் திருப்பிக் காட்டி, வெள்ளி சாம்பலாகவும் தங்கம் மஞ்சளாகவும் நிற்கும். அது 0.22 ஓம் 5 சதவீதமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் சூட்டில் கருகிய பெயின்டில் சிவப்பு என்று தெரிவது ஆரஞ்சாகவும் இருந்திருக்கலாம். பக்கத்தில் ஒப்பிட இன்னொரு ரெசிஸ்டரும் இல்லை. அது நல்ல நிலையில் வேலை செய்துகொண்டிருந்ததால் தொடாமல் விட்டோம். பெட்டியின் காற்றுத் துளைகளுக்கு உட்புறமாகக் கொசு வலையை ஒட்டி மூடிவிட்டு, மாற்றிய பாகத்தின் மதிப்பையும் டாலரன்ஸையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டச் சொன்னேன்.